"கண்ணுமண்ணு தெரியாம வந்தான்": இதை அறிக்கையில் எப்படி எழுதுவது?

கிடங்கு மேற்பார்வை | மார்ச் 3, காலை 9:12

கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ரேக்கில் இடித்து, பெட்டிகள் சரிந்து ஒருவருக்குக் காலில் அடி. பக்கத்தில் நின்றவர் அன்றைக்கே எழுதிக் கொடுத்தது இது. எழுத்து மாற்றாமல் போடுகிறேன்:

"வேலை மும்முரமா ஓடிட்டு இருந்துச்சு. அந்த ஃபோர்க்லிஃப்ட் பையன் வழக்கம்போல கண்ணுமண்ணு தெரியாம வந்தான். ஹாரன்கூட அடிக்கல. நான் தொண்டை கிழியக் கத்துனேன், திரும்பிக்கூடப் பாக்கல. ரேக்குல மோதித் தொலைச்சான். மேல இருந்த பெட்டியெல்லாம் மடமடன்னு சரிஞ்சு பாவம் அந்தப் பொண்ணு கால் நசுங்கிப்போச்சு. ராத்திரி முழுக்கத் தூங்காம ஷிஃப்ட் பாத்தானாம். அந்த மூலையில லைட் எரியலைன்னு எத்தனை தடவை சொல்லியாச்சு, யாரு கேக்குறா?"

இதை உணர்ச்சி இல்லாத, கண்ணால் கண்டதை மட்டும் சொல்லும் அறிக்கையாக மாற்ற வேண்டும். எழுதிப் பார்த்தால் நாலு வரிதான் மிஞ்சுகிறது. சரியா?

கோப்புக்காரர் | மார்ச் 3, காலை 9:40

சரிதான். பெயரடை, வினையடை எல்லாவற்றையும் அடியுங்கள். "பாவம்", "மடமடன்னு", "தொண்டை கிழிய" போகட்டும். பிறகு எல்லாவற்றையும் செயப்பாட்டு வினைக்கு மாற்றுங்கள். "ரேக் மோதப்பட்டது, பெட்டிகள் சரிந்தன, பணியாளர் காயமடைந்தார்." யாரையும் குற்றம் சொல்லாத அறிக்கை தயார்.

பழைய ஆய்வாளர் | மார்ச் 3, காலை 10:25

கோப்புக்காரர் சொன்னதில் முதல் பாதி பரவாயில்லை. இரண்டாம் பாதி ஆபத்து. "ரேக் மோதப்பட்டது" என்று எழுதினால் எது மோதியது, எந்தப் பக்கம் பட்டது என்ற கேள்விகள் மறைந்துபோகும். செய்தவரை மறைப்பதால் அறிக்கை நடுநிலை ஆகிவிடாது. ஒவ்வொரு வினைக்கும் எழுவாய் இருக்க வேண்டும். தெரியாவிட்டால் "தெரியவில்லை" என்றே எழுத வேண்டும்.

மேற்பார்வையாளரே, நாலு வரிதான் மிஞ்சுகிறது என்றால் நீங்கள் வெட்டியிருக்கிறீர்கள், மாற்றவில்லை. ஒவ்வொரு உணர்ச்சிச் சொல்லுக்கு அடியிலும் அவர் பார்த்தது ஏதோ ஒன்று இருக்கும். அதைக் கேட்டு வெளியே எடுத்தால், அறிக்கை மூல வாக்குமூலத்தைவிட நீளமாகத்தான் வரும்.

முதல் வேலையாக வாக்குமூலத்தை ஒரு வரிக்கு ஒரு கூற்று என்று பிரித்து எண் போடுங்கள். "மோதி, சரிஞ்சு, நசுங்கிப்போச்சு" என்பது ஒரே வாக்கியம் போலத் தெரியும். அதில் மூன்று கூற்றுகள் இருக்கின்றன, இரண்டு காரணத் தொடர்பும் ஒளிந்திருக்கிறது. எச்சத்தால் கோத்துவிட்டால் முன்னது பின்னதற்குக் காரணம் ஆகிவிடும். அதனால் ஒவ்வொன்றையும் முற்றுவினையில் முடியுங்கள். பிறகு ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு குறி: பார்த்தது, கேட்டது, பிறர் சொன்னது, ஊகம், தீர்ப்பு. குறி போட முடியாத வரிகளுக்குத்தான் அவரிடம் திரும்பப் போக வேண்டும்.

மொழி ஆர்வலர் | மார்ச் 3, மதியம் 1:05

இந்த வாக்குமூலத்தில் எனக்கு முதலில் பட்டது "ஷிஃப்ட் பாத்தானாம்" என்பதில் இருக்கும் அந்த "ஆம்". பேச்சுத் தமிழில் அந்த ஓர் அசை போதும், இது நான் கண்டதல்ல, யாரோ சொன்னது என்று தெரிந்துவிடும். எழுத்துத் தமிழுக்கு மாற்றுகிறவர் முதலில் தொலைப்பது அதைத்தான். "ஓட்டுநர் இரவு முழுவதும் தூங்காமல் பணி செய்தார்" என்று திருத்தமாக எழுதிவிடுவார்கள். வதந்தி அங்கேயே உண்மையாகிவிட்டது. நடை சுத்தமாக இருக்கிறது, செய்தி பொய்யாகிவிட்டது.

துணைவினைகளையும் பாருங்கள். "மோதினான்" என்றால் செயல். "மோதித் தொலைச்சான்" என்றால் எரிச்சல். "மோதிட்டான்" என்றால் தவறு நடந்துவிட்டது என்ற தொனி. "ஹாரன்கூட", "திரும்பிக்கூட" இரண்டிலும் வரும் "கூட", குறைந்தபட்சம் அதையாவது செய்திருக்க வேண்டும் என்ற தீர்ப்பைச் சுமந்து வருகிறது. இவற்றில் பெயரடை எதுவும் இல்லை. கோப்புக்காரர் சொன்ன முறையில் அடித்துக்கொண்டே போனால் எல்லாம் தப்பித்துவிடும்.

இன்னொன்று, இரட்டை வினைகள். சரிந்தது, சரித்தான். உடைந்தது, உடைத்தான். திரும்பியது, திருப்பினான். வண்டி திரும்பியதைப் பார்த்தவர் "திருப்பினான்" என்று சொன்னால், ஸ்டீயரிங்கைப் பிடித்த கையைப் பார்த்தாரா என்று கேட்க வேண்டும்.

கோப்புக்காரர் | மார்ச் 3, மதியம் 2:30

செயப்பாட்டு வினையைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் "ஹாரன் அடிக்கவில்லை" என்பது தொனியை எடுத்த பிறகு கண்டறிந்த உண்மைதானே? அதில் என்ன பிரச்சினை?

பழைய ஆய்வாளர் | மார்ச் 3, மாலை 4:10

இல்லாத ஒன்றைக் காண முடியாது. அவருக்குத் தெரிந்தது "ஹாரன் ஒலி எனக்குக் கேட்கவில்லை" என்பது மட்டும். அதற்கு மதிப்பு வர இன்னும் மூன்று செய்தி வேண்டும். எவ்வளவு தூரத்தில் நின்றார், அப்போது வேறென்ன சத்தம் இருந்தது, அந்த ஹாரன் இப்போது அடித்தால் அதே இடத்தில் கேட்கிறதா. கடைசிச் சோதனையை இன்றே செய்துவிடலாம். செய்தால் யார் அடித்தார், யார் எங்கே நின்று கேட்டார், எத்தனை மணிக்கு என்று தனி வரியாக எழுதுங்கள்.

"திரும்பிப் பாக்கல" என்பதும் இதே ரகம். அவர் பார்த்தது ஓட்டுநரின் முகமா, பக்கவாட்டா, பின்தலையா?

வார்டு இரவுப்பணி | மார்ச் 4, அதிகாலை 2:50

எங்கள் பக்கம் தினமும் வரும் சிக்கல் இது. நோயாளி தரையில் கிடக்கிறார். உறவினர் "கவனிக்காம விட்டுட்டாங்க, கட்டிலிலிருந்து விழுந்துட்டார்" என்கிறார். பணியில் இருந்தவரும் படிவத்தில் "கட்டிலிலிருந்து விழுந்தார்" என்றே எழுதுகிறார். விழுந்ததை யாரும் பார்க்கவில்லை. நாங்கள் எழுத வேண்டியது: "2:10-க்கு அறைக்குள் நுழைந்தபோது நோயாளி கட்டிலின் இடப்பக்கம் தரையில், வலப்பக்கமாகச் சாய்ந்து படுத்திருக்கக் கண்டேன். கட்டிலின் இடப்பக்கத் தடுப்பு கீழே இறக்கியிருந்தது. தரை உலர்ந்திருந்தது. நோயாளி சொன்னது: 'பாத்ரூம் போக எழுந்தேன்.'" விழுந்தாரா, எழுந்து நடந்து வழுக்கினாரா, தானே உட்கார்ந்தாரா என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி.

காயத்திலும் ஒரு எச்சரிக்கை. "கால் நசுங்கியது", "எலும்பு முறிந்தது" இரண்டுமே நோய்க்கணிப்பு. பார்த்தவர் எழுதலாமென்றால் எந்தக் கால், எந்த இடம், வீக்கம், நிறம், தோல் கிழிந்ததா, ஊன்ற முடிந்ததா. எக்ஸ்ரே முடிவு வந்தால் மருத்துவர் அறிக்கை, தேதி என்று மூலத்தைச் சொல்லித் தனியாகச் சேர்க்க வேண்டும். "ரத்தம் ஆறா ஓடுச்சு" என்று யாராவது சொன்னால், எங்கே, எந்தப் பரப்பு, எத்தனை துணி நனைந்தது என்று கேளுங்கள்.

வலியை எழுதக் கூடாது என்று சிலர் சொல்வார்கள். எழுதலாம். அவர் சொன்ன சொல்லிலேயே, மேற்கோள் குறிக்குள்.

புதிதாக வந்தவர் | மார்ச் 4, காலை 8:15

நான் வேறு மாதிரி நினைக்கிறேன். இவ்வளவு உணர்ச்சியோடு எழுதிய கடிதத்தை வற்றடித்தால் மேலிடம் யாரும் படிக்க மாட்டார்கள். லைட் பற்றிப் பலமுறை சொல்லியும் கேட்கவில்லை என்பதுதான் முக்கியம். அதை முதலில் போட்டு, காயத்தின் படத்தோடு அழுத்தமாக எழுதுங்கள். நடவடிக்கை வரும்.

கிடங்கு மேற்பார்வை | மார்ச் 4, காலை 8:50

ஐயா, நான் கேட்பது புகார்க் கடிதம் அல்ல, சம்பவ அறிக்கை. ஆனால் லைட் விஷயம் எனக்கும் உறுத்துகிறது. "எத்தனை தடவை சொல்லியாச்சு" என்பதை அடித்துவிட்டால் அவருக்குத் துரோகம் செய்தது போல இருக்கிறது.

பழைய ஆய்வாளர் | மார்ச் 4, காலை 11:00

அடிக்க வேண்டாம், இரண்டாக உடையுங்கள். அன்று அந்த மூலையில் விளக்கு எரிந்ததா என்பது ஒரு கூற்று. அதை யார், எப்போது, எந்த நிலையில் பார்த்தார் என்று எழுதிப் படம் சேர்க்கலாம். முன்பு சொல்லப்பட்டதா என்பது இன்னொரு கூற்று. அதற்குப் பராமரிப்புப் பதிவேடு இருக்கும். தேதி, பதிவு எண், எழுதியிருந்த வாசகம் அப்படியே. வாய்மொழியாகச் சொன்னதென்றால் யாரிடம், யார் சொன்னதாக யார் சொல்கிறார் என்று எழுதுங்கள். "யாரு கேக்குறா" மட்டும் மூலத்தில் இருக்கட்டும். புதிதாக வந்தவர் நினைப்பதற்கு மாறாக, பதிவேட்டின் இரண்டு தேதிகள் அந்த வரியைவிடக் கனமாக விழும்.

விமான விபத்து அறிக்கைகளை எடுத்துப் பாருங்கள். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து உடன்படிக்கையின் 13-ஆம் இணைப்பு தரும் வடிவத்தில் உண்மைத் தகவல், பகுப்பாய்வு, முடிவுகள், பாதுகாப்புப் பரிந்துரைகள் என்று தனித்தனிப் பகுதிகள் உண்டு. விளக்கு எரியாததால்தான் விபத்து என்று நீங்கள் கருதினால் அதற்கு இடம் பகுப்பாய்வில். உண்மைப் பகுதிக்குள் "ஆல்", "ஆதலால்", "எனவே" நுழைந்தால் நிறுத்தி யோசியுங்கள்.

மூல வாக்குமூலத்தை ஒரு எழுத்தும் மாற்றாமல், அவர் கையொப்பத்தோடு பின்னிணைப்பில் வையுங்கள். மாற்றி எழுதியதை "அவர் வாக்குமூலம்" என்று சொல்லி அவரிடம் கையெழுத்து வாங்காதீர்கள்.

மொழி ஆர்வலர் | மார்ச் 4, மாலை 6:20

திரும்பப் போய்க் கேட்கும்போது உங்கள் வினைச்சொல்லிலும் கவனம் வேண்டும். 1974-இல் லோஃப்டஸ், பாமர் இருவரும் வெளியிட்ட ஆய்வில் கார் மோதும் படத்தை எல்லோருக்கும் காட்டிவிட்டு, வேகம் என்ன என்று கேட்டார்கள். கேள்வியில் இருந்த வினையை மட்டும் மாற்றினார்கள். நொறுங்க மோதிக்கொண்டபோது என்ற பொருளில் கேட்டவர்களின் சராசரி மதிப்பீடு மணிக்கு 40 மைலுக்குச் சற்று மேல். தொட்டுக்கொண்டபோது என்ற பொருளில் கேட்டவர்களுக்கு 31.8. அடுத்த சோதனையில் ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடி பார்த்தீர்களா என்று கேட்டார்கள். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. ஆனாலும் கடுமையான வினையைக் கேட்ட குழுவில் 50 பேரில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். மிதமான வினையைக் கேட்ட 50 பேரில் 7 பேர்.

ஆகவே "எவ்வளவு வேகமா வந்து மோதினான்?" வேண்டாம். "வண்டியை முதலில் எங்கே பார்த்தீங்க? அடுத்து என்ன பார்த்தீங்க?" போதும்.

கிடங்கு மேற்பார்வை | மார்ச் 5, மாலை 5:45

இன்று அவரோடு அதே இடத்தில் நின்று கேட்டேன். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. முக்கியமானவை மட்டும்:

"கண்ணுமண்ணு தெரியாம" என்று சொல்ல வைத்தது எது என்று கேட்டேன். "வளைவுல நிக்காம உள்ள வந்தான்" என்றார். வளைவின் தரையில் நிறுத்தக் கோடு இருக்கிறது. வண்டி அதைத் தாண்டும்போது நிற்கவில்லை என்பதைத்தான் அவர் பார்த்திருக்கிறார். வேகம் எவ்வளவு என்று சொல்லத் தெரியவில்லை.

அவர் நின்றது பேக்கிங் மேசை அருகே. இடிபட்ட தூணிலிருந்து டேப்பில் அளந்தால் 9 மீட்டர். கத்திய சொல் "நில்லு". அப்போது ஓட்டுநரின் பின்தலையும் வலத்தோளும் தெரிந்தன, முகம் தெரியவில்லை.

பெட்டி காலில் விழுந்ததை அவர் பார்க்கவே இல்லை. ஓட்டுநரைப் பார்த்துக்கொண்டிருந்தவர், சத்தம் கேட்டுத் திரும்பியபோது அந்தப் பெண் தரையில் உட்கார்ந்திருந்தார், வலது பாதத்தின் மேல் ஒரு பெட்டி இருந்தது. "பெட்டியெல்லாம்" என்றது படத்தில் எண்ணினால் 4 பெட்டி.

ரேக்கில் வண்டி முன்பக்கமாக மோதியதாகத்தான் நான் இதுவரை எண்ணியிருந்தேன். தூணில் தரையிலிருந்து 38 செ.மீ. உயரத்தில் நெளிவும் மஞ்சள் பெயின்டும் இருக்கின்றன. வண்டியின் பின் இடது மூலையில் அதே உயரத்தில் புதுக் கீறல்.

பழைய ஆய்வாளர் | மார்ச் 5, இரவு 8:30

பாருங்கள், "மோதித் தொலைச்சான்" என்ற ஒரு சொல்லுக்குள் எவ்வளவு இருந்தது! ஃபோர்க்லிஃப்ட்டில் ஸ்டீயரிங் பின் சக்கரங்களுக்கு. வளைக்கும்போது வால்பக்கம் வெளியே வீசும். "வேகமாக வந்து ரேக்கில் மோதினார்" என்று எழுதியிருந்தால், படிப்பவர் எல்லோரும் முன்பக்கத்தைக் கற்பனை செய்து பிரேக்கையும் கவனத்தையும் விசாரித்திருப்பார்கள். பாதையின் அகலத்தை யாரும் அளந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் அறிக்கையில் "வால் வீசி இடித்தது" என்று எழுதிவிடாதீர்கள். அது என் ஊகம். நெளிவு, பெயின்ட், கீறல், உயரம், பாதையின் அகலம், வண்டியின் நீளம். இவை மட்டும்.

நேரத்தை எதிலிருந்து எடுத்தீர்கள்?

கிடங்கு மேற்பார்வை | மார்ச் 6, காலை 9:05

அவர் "பத்து மணி வாக்கில" என்றார். கேமரா 10:20 காட்டுகிறது. கேமரா கடிகாரத்தை இன்று கைபேசியோடு ஒப்பிட்டேன், 4 நிமிடம் முந்தி ஓடுகிறது. அப்படியானால் 10:16. முதலுதவிக்கு அழைத்த கைபேசியில் பதிவு 10:17. கேமராவில் வளைவு மட்டும்தான் விழுகிறது, ரேக் விழவில்லை.

வரைவு:

"10:16 (கேமரா நேரம் 10:20, கேமரா கடிகாரம் 4 நிமிடம் முந்தி இருப்பது மார்ச் 6 அன்று ஒப்பிட்டு அறியப்பட்டது): ஃபோர்க்லிஃப்ட் 3-ஆம் வரிசை வளைவின் நிறுத்தக் கோட்டை நிற்காமல் கடந்தது. மூலம்: கேமரா, சாட்சி அ.

சாட்சி அ, தூணிலிருந்து 9 மீட்டரில் நின்றார். ஹாரன் ஒலி தமக்குக் கேட்கவில்லை என்கிறார். 'நில்லு' என்று கத்தியதாகச் சொல்கிறார். அப்போது ஓட்டுநரின் பின்தலை தெரிந்தது, முகம் தெரியவில்லை என்கிறார். ஓட்டுநர் உடனே வண்டியை நிறுத்தினார்.

தூணில் 38 செ.மீ. உயரத்தில் நெளிவும் மஞ்சள் பெயின்டும் உள்ளன. வண்டியின் பின் இடது மூலையில் அதே உயரத்தில் கீறல் உள்ளது. தரையில் 4 பெட்டிகள் இருந்தன. லேபிளில் எடை ஒவ்வொன்றும் 12 கிலோ.

சாட்சி அ திரும்பியபோது பணியாளர் ஆ தரையில் அமர்ந்திருந்தார். அவர் வலது பாதத்தின் மேல் ஒரு பெட்டி இருந்தது. பெட்டி விழுந்ததைக் கண்டவர் இதுவரை இல்லை. பணியாளர் ஆ சொன்னது: 'பாதம் மரத்துப்போச்சு.'

10:40: 3-ஆம் வரிசை மூலையில் உள்ள இரண்டு குழல்விளக்குகளில் ஒன்று எரியவில்லை. மூலம்: மேற்பார்வையாளர், படம் 6. பராமரிப்புப் பதிவேட்டில் இதே விளக்கு குறித்து இரண்டு பதிவுகள் உள்ளன (நகல் இணைப்பு).

வருகைப் பதிவேட்டில் ஓட்டுநர் முந்தைய இரவுப் பணி முடித்து வெளியேறியது 6:00, மீண்டும் உள்ளே வந்தது 9:00. ஓட்டுநர் உறங்கவில்லை என்பது சாட்சி அ பிறரிடம் கேட்டது. சொன்னவரிடம் விசாரிக்க வேண்டும்."

கோப்புக்காரர் | மார்ச் 6, காலை 10:10

நன்றாக வந்திருக்கிறது. வேகத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லையே? "வேகமாக வந்ததாகச் சாட்சி கருதுகிறார்" என்று போடலாமே. அதுவும் அவர் சொன்னதுதானே?

பழைய ஆய்வாளர் | மார்ச் 6, காலை 11:35

நான் போட மாட்டேன். அளவில்லாத "வேகம்" படிப்பவர் மனதில் ஒரு எண்ணாக மாறிவிடும். கேமராவில் வளைவின் இரண்டு குறிகளுக்கு இடையே வண்டி எடுத்த நேரம் கிடைக்கும். அந்த தூரத்தை அளந்து வகுத்தால் சராசரி வேகம் வரும். கணக்கைக் காட்டி அதைப் போடுங்கள்.

வார்டு இரவுப்பணி | மார்ச் 6, மதியம் 12:20

இதில் எனக்கு ஒப்புதல் இல்லை. கேமரா இல்லாத இடத்தில் அந்த ஒரு சொல்தான் தடயம். சாட்சியின் கருத்து என்று தெளிவாகக் குறித்து, அவர் சொல்லிலேயே மேற்கோளில் வைக்கலாம் என்பது என் பழக்கம். பின்னிணைப்பைப் பாதிப்பேர் திறப்பதே இல்லை.

மொழி ஆர்வலர் | மார்ச் 6, மதியம் 1:45

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இது ஒவ்வொரு இடத்தின் நடைமுறையைப் பொறுத்தது.

வரைவில் ஒன்று கண்ணில் பட்டது. "ஓட்டுநர் உடனே வண்டியை நிறுத்தினார்." அந்த "உடனே" யாருடையது? கத்திய உடனேயா, தூணில் பட்ட உடனேயா? "நிறுத்தினார்" என்பதும் இரட்டை வினை. வண்டி நின்றதைப் பார்த்தாரா, ஓட்டுநர் நிறுத்தியதைப் பார்த்தாரா? தூணில் பட்டு நின்றதாகவும் இருக்கலாம். இந்த வரிக்கு மட்டும் மூலமும் இல்லை.

கிடங்கு மேற்பார்வை | மார்ச் 6, மாலை 6:30

அது ஓட்டுநர் தம் வாக்குமூலத்தில் சொன்னது. என்னையறியாமல் சாட்சி பத்தியில் சேர்த்துவிட்டேன். சாட்சி அவிடம் தொலைபேசியில் கேட்டேன், திரும்பிப் பார்த்தபோது வண்டி ஏற்கெனவே நின்றிருந்தது என்கிறார். இப்போது இரண்டு வரி: "ஓட்டுநர், 'சத்தம் கேட்டதும் பிரேக் மிதித்தேன்' என்கிறார். சாட்சி அ, தாம் மீண்டும் பார்த்தபோது வண்டி நின்றிருந்தது என்கிறார்." எந்தச் சத்தம், கத்தியதா, பெட்டி விழுந்ததா என்று ஓட்டுநரிடம் நாளைக் காலை கேட்க வேண்டும்.